பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறதா?

பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு பீரோவில் பத்திரமாக வைத்திருக்கும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை ஒருமுறை எடுத்து வரிவரியாகப் படித்துப் பாருங்கள். பிறந்த தேதி இருக்கும். ஆணா பெண்ணா என்பது இருக்கும். அம்மா பெயர், அப்பா பெயர், பிறந்த இடம், முகவரி, பதிவு எண், பதிவு செய்த நாள் எல்லாம் வரிசையாக இருக்கும். 'பெயர்' என்ற இடத்தில் மட்டும் எதுவும் இல்லாமல் போயிருக்கலாம். சான்றிதழ்தான் கைக்கு வந்துவிட்டதே என்று வாங்கி வைத்தவர்கள், பள்ளியில் சேர்க்கும் அன்றோ பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் அன்றோதான் அந்த வெற்றிடத்தைப் பார்க்கிறார்கள்.

இது யாருடைய தவறும் அல்ல. ஒரு பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. மருத்துவமனையில் பிறந்தால் தகவல் கொடுக்கும் பொறுப்பு மருத்துவமனையுடையது. அவர்கள் தாயும் சேயும் வீடு திரும்பும் முன்பே படிவத்தை நிரப்பிவிடுவார்கள். நம் வீடுகளில் அந்த நேரத்தில் பெயர் எங்கே முடிவாகியிருக்கிறது? நட்சத்திரம் பார்த்து முதல் எழுத்து எடுக்க வேண்டும். தாத்தா பெயரா, குலதெய்வத்தின் பெயரா என்ற பேச்சு முடிய வேண்டும். சில குடும்பங்களில் பதினோராம் நாள், சிலவற்றில் முப்பதாம் நாள், இன்னும் சிலவற்றில் ஊர்க் கோயிலுக்குப் போய் மொட்டை போடும்வரை பெயர் தள்ளிப்போகும். அதனால்தான் பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியச் சட்டம் இடம் தருகிறது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் 14-ஆம் பிரிவு முழுக்க இதற்காகவே இருக்கிறது. பெயரில்லாமல் பதிவான குழந்தையின் பெற்றோரோ காப்பாளரோ பின்னர் பெயரைப் பதிவாளரிடம் தெரிவிக்க வேண்டும். அவர் அதைப் பதிவேட்டில் எழுதி, சுருக்கொப்பமிட்டு, தேதி போட வேண்டும். சட்டம் சொல்வது இவ்வளவுதான்.

பேச்சு வழக்கில் 'பேர் ஏத்துறது' என்பார்கள். இந்தப் பேர் ஏற்றும் வேலைக்காகப் பதிவாளருக்கு எழுதும் கடிதத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சிறிய கடிதம்தான், ஒரு பக்கம்கூட வராது. ஆனால் அதில் எழுத வேண்டியதை விட்டுவிட்டு வேண்டாததை எழுதி அலைகிறவர்கள் நிறையப் பேர்.

சட்டத்தில் ஒரு சலுகை இருக்கிறது. பெயரை வாய்மொழியாகவும் சொல்லலாம், எழுத்திலும் தரலாம். அப்படியானால் எதற்குக் கடிதம், நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தால் போதாதா என்று கேட்கலாம். பதில் பதிவேடு இருக்கும் இடத்தில் இருக்கிறது. ஓர் ஆண்டின் பிறப்புப் பதிவேட்டை, அந்த ஆண்டு முடிந்து மேலும் 12 மாதங்கள் வரைதான் உள்ளூர்ப் பதிவாளர் தன் அலுவலகத்தில் வைத்திருக்க வேண்டும். அதன்பின் அதை அரசு குறித்துள்ள வேறோர் அலுவலரிடம் பாதுகாப்புக்கு ஒப்படைக்க வேண்டும். பதிவேடு கையில் இருந்தால் பதிவாளர் உடனே பெயரை எழுதிவிடலாம். கையில் இல்லையென்றால், வாய்மொழியாகச் சொன்னதை அவர் ஓர் அறிக்கையாக எழுதி அனுப்ப வேண்டும். எழுத்தில் தந்திருந்தால் அந்தக் கடிதத்தையே அனுப்புவார்.

ஆக, உங்கள் கடிதம் உங்களைப் பார்த்திராத, உங்கள் குழந்தையைத் தெரியாத ஒருவரின் மேசைக்குப் போகக்கூடும். கவுண்டரில் நீங்கள் சொன்ன விளக்கம் அதனோடு போகாது. அந்தக் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவர் சரியான பதிவேட்டை, சரியான பக்கத்தை, சரியான வரியைக் கண்டுபிடிக்க வேண்டும். கடிதத்தில் எது வேண்டும், எது வேண்டாம் என்பதை இந்த ஒன்றை வைத்தே முடிவு செய்துவிடலாம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பெயர்கள் விளக்கத்துக்காக வைத்தவை. திருப்பூரில் வேலை பார்க்கும் செந்தில்குமார், கவிதா தம்பதி. கவிதாவின் தாய்வீடு அருப்புக்கோட்டை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையில் 14.06.2019 அன்று பெண் குழந்தை பிறந்தது. 20.06.2019 அன்று பிறப்பு பதிவானது, பெயரில்லாமல். யாழினி என்று பிறகு பெயர் வைத்தார்கள். திருப்பூரில் பள்ளியிலும் சேர்த்துவிட்டார்கள். இப்போது பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போது சான்றிதழில் பெயர் இல்லை என்று தெரிகிறது.

முதல் கேள்வி, கடிதம் யாருக்கு? வசிப்பது திருப்பூர் என்பதால் திருப்பூர் மாநகராட்சிக்குப் போவதுதான் இயல்பாகத் தோன்றும். அங்கே இந்தக் குழந்தையின் பதிவு கிடையாது. பிறப்பு எந்த எல்லைக்குள் நடந்ததோ அந்த எல்லையின் பதிவாளரிடம்தான் பதிவு இருக்கும். நம் ஊரில் முதல் குழந்தைகளில் பலர் அம்மாவின் ஊரில் பிறந்து அப்பாவின் ஊரில் வளர்கிறவர்கள். அதனால் இந்தக் குழப்பம் நமக்குக் கொஞ்சம் அதிகம். தமிழ்நாட்டில் பதிவாளர் யார் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். கிராம ஊராட்சியில் கிராம நிர்வாக அலுவலர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகாதார ஆய்வாளர், நகராட்சியிலும் மாநகராட்சியிலும் அங்குள்ள சுகாதாரப் பிரிவினர் என்று போகும். ஊகிக்க வேண்டாம். சான்றிதழின் மேற்பகுதியில், கீழ்க்கண்ட விவரங்கள் எந்த உள்ளாட்சியின், எந்த வட்டத்தின், எந்த மாவட்டத்தின் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டவை என்று அச்சாகியிருக்கும். கடிதம் போக வேண்டிய முகவரி அதுதான்.

அடுத்தது காலக்கணக்கு. பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் பெயரைத் தெரிவித்தால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு 15 ஆண்டுகள் முடியும்வரை தாமதக் கட்டணம் செலுத்திப் பெயர் சேர்க்கலாம். தமிழ்நாட்டில் அது 200 ரூபாய். இரண்டு கணக்கும் பதிவு நாளிலிருந்து தொடங்குகின்றன, பிறந்த நாளிலிருந்து அல்ல. யாழினிக்குக் கட்டணமில்லாத காலம் 2020 ஜூன் 20-ஐ ஒட்டி முடிந்துவிட்டது. அது கொரோனா ஊரடங்கு நேரம், யாருக்கும் நினைவு வந்திருக்காது. 200 ரூபாய் கட்டிப் பெயர் சேர்க்கும் வாய்ப்பு 2034 ஜூன் வரை இருக்கிறது. பிறப்பைப் பதிவதே தாமதமான குழந்தைகளுக்கு இந்த வேறுபாடு முக்கியம். 2012-இல் பிறந்து 2016-இல்தான் பதிவான குழந்தைக்கு 15 ஆண்டுக் கணக்கு 2016-இலிருந்துதான் ஓடும்.

இனி கடிதம். நம் அலுவலகக் கடிதத்தின் பழைய வடிவமே இதற்குப் போதும்.

அனுப்புநர்:
கவிதா, க/பெ செந்தில்குமார்,
(தற்போதைய முகவரி, கைபேசி எண்)

பெறுநர்:
பிறப்பு, இறப்புப் பதிவாளர் அவர்கள்,
(சான்றிதழில் உள்ள அலுவலகம்), அருப்புக்கோட்டை.

ஐயா / அம்மையீர்,

பொருள்: பெயரின்றிப் பதிவான பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரைச் சேர்க்கக் கோருதல், தொடர்பாக.
பார்வை: பிறப்புப் பதிவு எண் 1184/2019, பதிவு நாள் 20.06.2019.

எங்கள் பெண் குழந்தை 14.06.2019 அன்று அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையில் பிறந்தது. பிறப்பு மேற்கண்ட எண்ணில் குழந்தையின் பெயர் குறிப்பிடப்படாமல் பதிவாகியுள்ளது. பதிவில் தந்தை பெயர் செந்தில்குமார் என்றும் தாய் பெயர் கவிதா என்றும் உள்ளது.

குழந்தைக்கு நாங்கள் சூட்டியுள்ள பெயர்:
தமிழில்: யாழினி
ஆங்கிலத்தில்: YAZHINI

1969-ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 14-ஆம் பிரிவின்படி இப்பெயரைப் பதிவேட்டில் சேர்த்து, பெயருடன் கூடிய சான்றிதழ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். உரிய தாமதக் கட்டணத்தைச் செலுத்துகிறோம். இதற்குமுன் இப்பதிவில் வேறு பெயர் எதுவும் சேர்க்கக் கோரவில்லை. இப்பெயர் எங்கள் இருவரின் முழுச் சம்மதத்துடன் இறுதியாக முடிவு செய்யப்பட்டது.

இப்படிக்கு,
(தாய் கையொப்பம்) (தந்தை கையொப்பம்)
இடம், நாள்

இணைப்பு: பெயரில்லாத பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் ஆதார் நகல்கள், பள்ளிச் சான்று, உறுதிமொழி.

இவ்வளவுதான். இதில் வறுமை இல்லை, வேண்டுதல் இல்லை, பெயர் வைக்கத் தாமதமான கதை இல்லை. மனு எழுதித் தருகிறவர்கள் சிலர் 'நாங்கள் ஏழ்மை நிலையில் உள்ளவர்கள், தாங்கள் கருணை கூர்ந்து' என்று அரைப் பக்கம் சேர்ப்பார்கள். பதிவாளர் இங்கே கருணை காட்டுவதற்கு எதுவுமில்லை. காலத்துக்குள் வந்து, கட்டணம் கட்டி, பதிவும் பொருந்தினால் பெயரை எழுத வேண்டியது அவர் கடமை. அந்த அரைப் பக்கத்தின் நடுவே பதிவு எண் தொலைந்து போவதுதான் மிச்சம்.

கடிதத்தில் அதிகம் வேலை செய்யும் வரி 'பார்வை'. வழக்கமாக முந்தைய கடிதத்தைக் குறிப்பிடும் இடம் அது. இங்கே பதிவேட்டின் விலாசம். பதிவு எண்ணைச் சான்றிதழில் உள்ளபடி, எழுத்து, கோடு, சாய்கோடு எதையும் விடாமல் அப்படியே எழுத வேண்டும். கணினிப் பதிவு எண்கள் நீளமாக இருக்கும். கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் எழுதினால் பயனில்லை. பிறந்த நாளும் பதிவு நாளும் வேறு வேறு என்பதால் இரண்டையும் எழுத வேண்டும். சான்றிதழே தொலைந்துவிட்டது, எண் தெரியாது என்றால், முதலில் பிறந்த தேதியையும் பெற்றோர் பெயரையும் கொடுத்துத் தேடச் சொல்லி, பெயரில்லாத சான்றிதழின் நகலை வாங்கிக்கொண்டு அதன்பின் இந்தக் கடிதத்தை எழுதுவது நல்லது. அண்மைக் காலப் பதிவு என்றால் தமிழ்நாடு அரசின் crstn.org தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். பெயர் சேர்க்கும்போது பழைய சான்றிதழைப் பதிவாளரிடம் காட்ட வேண்டும் என்பதும் விதியிலேயே இருக்கிறது.

இரட்டைக் குழந்தைகள் என்றால் இந்த எண்ணுக்கு இன்னும் மதிப்பு கூடும். இரட்டையருக்குப் பதிவேட்டில் இரண்டு தனிப் பதிவுகள், இரண்டு எண்கள். ஆணும் பெண்ணும் என்றால் குழப்பமில்லை. இருவரும் பெண்கள் என்றால் தேதி, இடம், அப்பா, அம்மா, பால் எல்லாம் ஒன்றே. இரண்டு பதிவுகளையும் பிரித்துக் காட்டுவது எண் மட்டும்தான். ஆகவே ஒரு கடிதத்தில் இரண்டு பெயரையும் எழுதிவிட்டு இரண்டு எண்ணையும் கீழே போடுவது வம்பு. எந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்று தனித்தனிக் கடிதமாகக் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்து பெயர். இது ஒருமுறைதான். காலியான கட்டத்தை நிரப்பத்தான் 14-ஆம் பிரிவு. நிரப்பிய பெயரை அழித்து வேறு எழுத அது உதவாது. தமிழ்நாட்டில் பதிவாளர் அலுவலகங்கள் இதற்கென்றே ஓர் உறுதிமொழிப் படிவம் வாங்குகின்றன: பெயரை இறுதியாக முடிவு செய்துவிட்டோம், பின்னர் மாற்றக் கோரமாட்டோம் என்று பெற்றோர் கையொப்பமிட வேண்டும். அதை ஒரு சடங்காக நினைத்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள், பின்னாளில் எண்கணித ஜோதிடர் ஓர் எழுத்தைக் கூட்டச் சொன்னதும் அலுவலகப் படியேறுவார்கள். அப்போது கிடைக்கும் வழி அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிடுவது. அது தனிக் காகிதம். வாழ்நாள் முழுக்கப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து அதையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும்.

எழுத்துக்கூட்டல் தமிழில் பெரும்பாலும் சிக்கல் தராது. ஆங்கிலத்தில்தான் தகராறு. யாழினியை YAZHINI என்றும் எழுதலாம், YALINI என்றும் எழுதலாம், YAAZHINI என்றும் எழுதலாம். பள்ளியில் ஓர் ஆசிரியர் ஒன்றை எழுதியிருப்பார், ஆதார் எடுத்தவர் இன்னொன்றைத் தட்டியிருப்பார். கடிதம் எழுதும் முன் இந்த இரண்டையும் எடுத்து வைத்து ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அதையே எழுதுங்கள், உங்களுக்கு வேறொரு கூட்டல் அழகாகத் தெரிந்தாலும் சரி. வேறுபட்டால், எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்து பிறப்புப் பதிவில் அதை எழுதிவிட்டு, மற்றதைப் பிறப்புச் சான்றிதழைக் காட்டித் திருத்துவதுதான் சரியான வரிசை. ஆங்கிலப் பெயரைப் பெரிய எழுத்தில், எழுத்து எழுத்தாகப் பிரித்து எழுதுங்கள். கையெழுத்தில் n என்று எழுதியதை u என்று படித்துத் தட்டிவிட்டால் அதைச் சரிசெய்வது தனிப் பாடு.

முன்னெழுத்து இன்னொரு தொல்லை. செ. யாழினி, S. YAZHINI என்று எழுதுவது நம் வழக்கம். பாஸ்போர்ட் விண்ணப்பத்திலோ முன்னெழுத்தை விரித்துத்தான் எழுத வேண்டும். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயருக்குத் தனிக் கட்டமே இருப்பதால், பெயர்க் கட்டத்தில் பெயரை மட்டும் எழுதுவதே நல்லது என்பது என் கருத்து. பள்ளிப் பதிவேட்டில் முன்னெழுத்தோடு ஏற்கெனவே பதிவாகியிருந்து, அதே மாதிரி வேண்டும் என்று நினைப்பவர்கள், அது அப்பா பெயர்க் கட்டத்தில் உள்ள எழுத்தோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் பலர் இடறும் இன்னொரு இடம் வருகிறது. சான்றிதழை எடுத்துப் பார்க்கும்போது குழந்தையின் பெயர் இல்லாததோடு, அப்பா பெயர் செந்தில்குமார் என்பதற்குப் பதில் செந்தில் என்று மட்டும் இருப்பதும் தெரியவரும். ஒரே கடிதத்தில் இரண்டையும் கேட்டுவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். பெயர் சேர்ப்பது 14-ஆம் பிரிவு; பதிவான விவரத்தைத் திருத்துவது 15-ஆம் பிரிவு. பின்னதற்கு வேறு விதி. எழுத்துப் பிழை என்று பதிவாளருக்கே தெளிவாகத் தெரிந்தால் ஒருமாதிரி. விவரமே தவறு என்றால், உண்மை அறிந்த நம்பகமான இருவர் அளிக்கும் உறுதிமொழி வேண்டும். திருத்தத்தைப் பழைய எழுத்தை அழிக்காமல் ஓரத்தில்தான் எழுதுவார்கள். இரண்டும் ஒரே கடிதத்தில் இருந்தால், சுலபமாக முடியக்கூடிய பெயர்ச் சேர்ப்பும் திருத்தத்துக்கான ஆவணம் வரும்வரை அடுக்கில் கிடக்கும். இரண்டு கடிதமாகக் கொடுங்கள். பெயர் சேர்க்கும் கடிதத்தில் அப்பா பெயரைப் பதிவில் உள்ளபடியே குறிப்பிடுங்கள். 'பதிவில் தந்தை பெயர் செந்தில் என்று உள்ளது' என்று எழுதினால் பதிவும் பொருந்தும், பொய்யும் சொன்னதாகாது.

இதைவிடப் பெரிய சிக்கலைச் சிலர் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள். பழைய பதிவில் பெயர் இல்லை, அந்த ஊருக்குப் போய் அலைய முடியாது என்று, தாங்கள் வசிக்கும் ஊரிலேயே பிறந்ததாகச் சொல்லித் தாமதப் பதிவாகப் புதிதாக ஒரு பிறப்பைப் பதிந்துவிடுவது. இப்போது ஒரு குழந்தைக்கு இரண்டு பிறப்பு. தெரிந்தே பொய்த் தகவல் தருவது அந்தச் சட்டத்திலேயே குற்றம். இரண்டு பதிவுகளில் ஒன்றை ரத்து செய்யும்வரை இரண்டையுமே சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். பெயர் சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது இடைத்தரகர் வாங்கித் தந்த சான்றிதழில் பதிவு எண்ணையும் பதிவு நாளையும் பாருங்கள். முறையாகச் சேர்த்திருந்தால் அவை இரண்டும் பழையனவாகவே இருக்கும். சான்றிதழ் வழங்கிய நாள் மட்டும்தான் புதிது. எண் மாறியிருந்தால் உங்கள் பழைய பதிவில் பெயர் சேரவில்லை, வேறு ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

நேர்மையாகச் செய்த இடத்திலும் ஒரு பாதி வேலை நின்றுபோவதுண்டு. பழைய கைப்பதிவேட்டில் பெயரை எழுதிவிடுவார்கள், கணினியில் ஏற்ற மறந்துவிடுவார்கள். கையால் எழுதிக் கொடுத்த சான்றிதழில் பெயர் இருக்கும். தளத்தில் எடுத்தால் பழையபடி வெற்றிடமாக வரும். அதனால் பெயர் சேர்ந்தது என்று சொன்னதும் நிறுத்திக்கொள்ளாமல், கணினிச் சான்றிதழை ஒருமுறை புதிதாக எடுத்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட வேண்டும்.

கையொப்பம் யாருடையது? சட்டத்தில் உள்ள சொல் பெற்றோர் அல்லது காப்பாளர் என்பதுதான். நடைமுறையில் பல அலுவலகங்கள் அப்பா, அம்மா இருவரும் கையொப்பமிட வேண்டும் என்கின்றன. பின்னால் தகராறு வரக்கூடாது என்ற முன்னெச்சரிக்கை அது. இருவரும் சேர்ந்திருக்கும் வீட்டில் இருவருமே போட்டுவிடுவது எளிது. பிரிந்து வாழும் பெற்றோருக்கு இதுவே சுவராகிவிடும். கேரளத்தில் அப்படி ஒரு வழக்கு 2023-இல் உயர்நீதிமன்றம்வரை போனது. பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லாத குழந்தை, பள்ளியில் சேர்க்கும் வயது. அம்மா ஒரு பெயர் சொல்ல, அப்பா வேறு பெயர் சொல்ல, இருவரும் வந்தால்தான் பதிவேன் என்று பதிவாளர் நிற்க, கடைசியில் நீதிமன்றமே குழந்தைக்கு ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதியச் சொன்னது. அப்பா இறந்துவிட்டாலோ குழந்தை காப்பாளர் பொறுப்பில் இருந்தாலோ, அதற்கான சான்றை இணைத்து ஒரே கையொப்பம் ஏன் என்று கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். விளக்கம் எழுத வேண்டிய ஒரே இடம் இதுதான்.

கடிதத்தை இரண்டு பிரதியாக எடுத்துப் போய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் போக முடியாத தூரம் என்றால் விரைவுத் தபாலில் அனுப்பலாம். ஆனால் தாமதக் கட்டணமும் பழைய சான்றிதழும் இருப்பதால் தாய்வீட்டில் யாரையாவது நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்வது விரைவாக முடியும். கட்டணத்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். ஒப்புகைக்கு இன்னொரு பயனும் உண்டு. 2023-இல் சட்டத்தைத் திருத்தியபோது மேல்முறையீட்டுக்கு ஒரு பிரிவு சேர்ந்தது. பதிவாளரின் உத்தரவால் பாதிக்கப்பட்டவர் 30 நாட்களுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முறையிடலாம், அவர் 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 'முடியாது, போங்க' என்ற வாய்ச்சொல்லின் மேல் யாரும் முறையீடு செய்ய முடியாது. கொடுத்த கடிதமும், அதன்மேல் எழுத்தில் வாங்கிய மறுப்பும் கையில் இருக்க வேண்டும்.

அந்தத் திருத்தம் இன்னொன்றையும் செய்தது. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு, பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு போன்றவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். பாஸ்போர்ட்டுக்கும் அப்படியே. அதற்கு முன் பிறந்தவர்கள் பள்ளிச் சான்றிதழ் போன்ற வேறு ஆவணங்களைக் காட்டிப் பாஸ்போர்ட் எடுத்துவிடலாம். ஆனால் வெளிநாட்டில் குடியேறவோ அங்கே குடும்பத்தை அழைத்துக்கொள்ளவோ விண்ணப்பிக்கும்போது பெயருள்ள பிறப்புச் சான்றிதழைக் கேட்பார்கள். முப்பது வயதில் தன் பிறப்புப் பதிவில் பெயர் இல்லை என்று கண்டுபிடிக்கிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

அவர்களுக்கு வழி குறுகியது. தமிழ்நாட்டின் பதிவு விதிகள் 01.01.2000 அன்று நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் பதிவானவர்களுக்கு 15 ஆண்டுக் கணக்கை அந்த நாளிலிருந்தே தொடங்கியதால் 2014 இறுதிவரை வாய்ப்பிருந்தது. பிறகு 2019 இறுதிவரை நீட்டினார்கள், மீண்டும் 2024 இறுதிவரை நீட்டினார்கள். இவையெல்லாம் சலுகைகள், உரிமை அல்ல. 15 ஆண்டு கடந்தவர்கள், சலுகை இப்போது நடப்பில் இருக்கிறதா என்று பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் கடிதம் எழுத வேண்டும். இல்லையென்று சொன்னாலும் கடிதத்தைக் கொடுத்து எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். சலுகை மீண்டும் வரும்போதும், நீதிமன்றம் போகும்போதும் அது தேவைப்படும்.

உங்கள் வீட்டில் ஒன்பதாம் வகுப்போ பத்தாம் வகுப்போ படிக்கும் பிள்ளை இருந்தால் இந்த 15 ஆண்டுக் கணக்கு ஏறத்தாழ அந்த வயதில்தான் முடிகிறது. பொதுத்தேர்வு மதிப்பெண் பட்டியலுக்குப் பெயரின் எழுத்துக்கூட்டலை உறுதி செய்யச் சொல்லிப் பள்ளியிலிருந்து கேட்கும் நேரமும் அதுவே. அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பெயர்க் கட்டத்தையும் பதிவு நாளையும் பாருங்கள். கட்டம் காலியாக இருந்தால் அந்த வாரமே கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.